பெரியப்பா வீட்டு சினிமா போஸ்டர்: மடிப்புக் கோடும் மங்கிய சிவப்பும்

தோஹாவிலிருந்து

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். லீவில் பண்ணைக்காடு போயிருந்தபோது பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பழைய சினிமா போஸ்டர் கிடைத்தது. 20க்கு 30 அங்குலம். ஓவியர் கையால் தீட்டிய படம், பின்னணி முழுக்க ஒரே சிவப்பு. வத்தலக்குண்டு பஸ்ஸில் மடித்து வந்ததை, பெரியப்பா நாலு ஓரமும் ரீப்பர் கட்டை வைத்துச் சுவரில் அடித்திருந்தாராம். வெள்ளையடிக்கும்போது கழற்றி மறுபடி மடித்து வைத்துவிட்டார்கள்.

A4 ஸ்கேனரில் ஒன்பது துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறேன், இணைப்பைப் பாருங்கள். ஆண்டு மலருக்கு அட்டைப்படமாகப் போட ஆசை. எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. குறுக்கே மூன்று மடிப்பும் நெடுக்கே ஒரு மடிப்பும் இருக்கின்றன. குறுக்கு மடிப்பு மூன்றும் கறுப்புக் கோடு போட்டதுபோலத் தெரிகின்றன. நெடுக்கு மடிப்பு கண்ணுக்கே தெரியவில்லை. தாளில் பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான்.

சிங்கப்பூரிலிருந்து

அக்கா, இது ரொம்ப சுலபம். சிவப்பு முழுக்க ஒரே நிறம்தானே? ஜிம்ப் மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து பக்கெட்டால் சிவப்பை ஊற்றிவிடுங்கள். மடிப்பு, கறை எல்லாம் ஒரே கிளிக்கில் போய்விடும். நான் ஐந்து நிமிடத்தில் செய்த மாதிரியை இணைத்திருக்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து

எங்கள் அப்பத்தா கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் மடிப்பில் கிழிந்திருந்தது. பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டோம், நேராகிவிட்டது. போஸ்டருக்கும் அப்படியே செய்யலாமே?

மெல்போர்னிலிருந்து

முதலில் நியூ ஜெர்சி தங்கைக்கு: வேண்டாம் அம்மா. இங்கே கேள்வி ஸ்கேன் செய்த படத்தைப் பற்றியது, தாளை யாரும் தொட வேண்டாம். செல்லோடேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. பத்திரிகையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நான் சிவகாசியில் இருபது வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் போட்டவன். அதனால் இந்தப் படத்தை விட மனம் வரவில்லை, இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஓவியர் தீட்டியதை அச்சடித்த தாள் இது. முகங்களைப் பெரிதாக்கினால் புள்ளி தெரிகிறது, சிவப்பில் புள்ளி இல்லை, முழு மை.

தோஹா மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஸ்கேனரின் விளக்குக் கம்பி கண்ணாடியின் நீளவாக்கில் நகர்கிறது. வெளிச்சம் நேராக விழுவதில்லை, கம்பியின் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழுகிறது. கம்பியின் பாதைக்குக் குறுக்கே வரும் மடிப்பு ஒரு சின்ன வரப்பு மாதிரி. ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு வெளுக்கும், மறுபக்கம் நிழல் விழும். பாதையோடு ஓடும் மடிப்புக்கு நிழல் அதிகம் இல்லை. நீ போஸ்டரின் 30 அங்குலப் பக்கத்தை ஸ்கேனரின் நீளத்தோடு வைத்திருக்கிறாய், அதனால் குறுக்கு மடிப்பு மூன்றும் மாட்டிக்கொண்டன. அந்தக் கறுப்பில் பெரும்பகுதி நிழல். மை போன இடம் அதற்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

நிழலை அழிக்க வழி இது. மடிப்பு வரும் துண்டுகளை மட்டும் இரண்டு முறை எடுக்க வேண்டும், இரண்டாவது முறை தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து. கணினியில் அதை 180 டிகிரி திருப்பி முதல் படத்தின் மேல் அடுக்காகப் போடு. அடுக்கின் Mode-ஐ Difference என்று மாற்றினால், சரியாகப் பொருந்தும்போது படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகும். பொருந்தியதும் Normal-க்குத் திரும்பி Opacity-ஐ 50 வை. இரண்டிலும் நிழல் எதிரெதிர்ப் பக்கம் விழுந்திருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சி நிற்கும் மெல்லிய வெள்ளைக் கோடுதான் உண்மையில் மை உதிர்ந்த இடம். தாள் இரண்டு முறையும் ஒரே மாதிரி படியாது என்பதால், பெரிய துண்டாகப் பொருத்தாமல் மடிப்பை ஒட்டிச் சிறு சிறு துண்டாகப் பொருத்து.

இன்னொன்று, JPEG வேண்டாம். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிச் சிவப்பைப் பார், எட்டுக்கு எட்டுப் புள்ளியில் சதுரங்கள் தெரியும். மங்கிய சிவப்பை ஏற்றும்போது அந்தச் சதுரங்களும் சேர்ந்து ஏறும். முகத்தில் அது தெரியாது, இவ்வளவு பெரிய ஒரே நிறப் பரப்பில் பளிச்சென்று தெரியும். 400 dpi, 48 bit, TIFF என்று எடு. ஸ்கேனர் மென்பொருளில் தானாக நிறம் திருத்துவது, தூசி நீக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடு.

சிங்கப்பூரிலிருந்து

மாமா, நிழல் சங்கதி புரிந்தது. ஆனால் வெள்ளைக் கோட்டை நிரப்ப பக்கெட் போதாதா?

மெல்போர்னிலிருந்து

நீ சொன்னதில் பாதி சரி தம்பி. உன் மாதிரியை உற்றுப் பார். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கிறது. முழு மை என்றாலும் அதில் தாளின் சொரசொரப்பு உண்டு. ஊற்றினால் அது போய்விடும்.

நிறத்தையும் சொரசொரப்பையும் பிரித்துக்கொள். ஜிம்ப்பில் Filters → Enhance → Wavelet-decompose. படம் ஆறு அடுக்காகப் பிரியும். Residual என்ற அடுக்கில் பரந்த நிறம் மட்டும் இருக்கும், மற்ற ஐந்து Scale அடுக்குகளில் நுணுக்கம். அந்த Residual-இல் மடிப்பையொட்டிய வெளுப்பை மட்டும் பக்கத்துச் சிவப்பைத் தொட்டு மெதுவாகப் பூசலாம், அங்கே உன் யோசனை வேலை செய்யும். Scale அடுக்குகளில் கோடு போன இடத்துக்குப் பக்கத்து நல்ல இடத்தின் சொரசொரப்பை Clone கருவியால் எடுத்து வை. எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்று, இல்லையென்றால் ஒரே கறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும்.

தோஹாவிலிருந்து

மாமா சொன்னபடி ஊரில் தம்பி மூன்று குறுக்கு மடிப்புகளையும் இரண்டு முறை எடுத்து அனுப்பினான். இரண்டில் கறுப்பு முழுக்கப் போய், முடி அளவு வெள்ளைக் கோடுதான் நின்றது! நடு மடிப்பு மட்டும் கதாநாயகியின் இடது கண் வழியே போகிறது, அங்கே மை நிஜமாகவே உதிர்ந்திருக்கிறது.

நிறத்துக்கு வழி ஒன்று தெரிந்தது. ரீப்பர் கட்டைக்கு அடியில் இருந்த அரை அங்குலம் வெயில் படாதது. அங்கே சிவப்பு R 176, G 38, B 36. நடுவில் R 196, G 122, B 108. ஓரத்து எண்ணுக்கு Curves-இல் இழுத்தேன், சிவப்பு எழுந்து வந்துவிட்டது. ஆனால் புடவையின் நீலம் கறுத்துப்போனது.

மெல்போர்னிலிருந்து

நீலம் வெயிலுக்கு அசையாது அம்மா. சிவப்பு, மஞ்சள் மைகள்தான் முதலில் போகும். ஒரே வளைவை எல்லாவற்றுக்கும் போடாதே. சிவப்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் போடு, நீலத்தை விட்டுவிடு.

அந்த ஓரத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். மரத்தின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒப்பிட்டுப் பார், ஒன்று பழுப்பாக இருந்தால் இன்னொன்றிலிருந்து எடு.

கண்ணை நான் வரையமாட்டேன். வலது கண்ணைத் திருப்பி ஒட்டினால் ஓவியர் போடாத பார்வை வந்துவிடும். கோட்டின் வெளுப்பை மட்டும் தணித்து விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரிலிருந்து

அட்டைப்படத்தில் கண்ணில் கோட்டோடா மாமா? ஒரு பிரதி அப்படியே வைத்துக்கொண்டு, மலருக்கு மட்டும் கண்ணை வரையலாம் என்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

அந்தப் போஸ்டர் சுவரில் இருந்தபோது நான் ஏழாவது படித்தேன். அண்ணன் வீட்டுக்குப் போனால் அதன் எதிரேதான் உட்காருவேன். தோஹா மகள் கடைசியாக அனுப்பிய சிவப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் செங்கல் வாடை அடிக்கிறது. எனக்கு நினைவிருப்பது குங்குமச் சிவப்பு, இன்னும் கொஞ்சம் நீலம் சாய்ந்தது. கண் விஷயத்தில் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

தோஹாவிலிருந்து

அத்தை, மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றல்ல. கீழ் ஓரம்தான் பழுப்பு, நான் அதிலிருந்துதான் எண் எடுத்திருந்தேன். மேல் ஓரத்தில் B 52 வருகிறது. இன்றிரவு அதை வைத்து மறுபடி செய்து, கண்ணில் கோட்டோடு ஒன்றும் கோடில்லாமல் ஒன்றுமாக அனுப்புகிறேன்.