விபிஎன் வழியாக ஆபீஸ் பிசியை எழுப்புவது: மாலையில் எழுகிறது, காலையில் எழுவதில்லை

மலர்_கோவை:
வணக்கம். எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். கணக்கு ஃபைல்கள் எல்லாம் என் ஆபீஸ் பிசியில்தான் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அதைத் திறப்பேன். இரவெல்லாம் ஓடவிட மனமில்லாமல் ஸ்லீப்பில் போட்டு வைக்கிறேன். ஆபீஸ் ரவுட்டரில் OpenWrt இருக்கிறது, வயர்கார்டு விபிஎன்னும் அதிலேயேதான். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.10.x, விபிஎன் 10.8.0.x, என் பிசி 192.168.10.25.

வேக் ஆன் லேன் ஆபீசுக்குள்ளிருந்து எப்போது முயன்றாலும் வேலை செய்கிறது. மாலை கிளம்பும் முன் பிசியை ஸ்லீப்பில் போட்டுவிட்டு, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் விபிஎன் போட்டு, ஆப்பிலிருந்து 192.168.10.25-க்கு அனுப்பினால் உடனே எழுகிறது. மறுநாள் காலை வீட்டிலிருந்து அதே ஆப், அதே பட்டன், ஆனால் அசைவே இல்லை. ஆப்பில் முகவரியை 255.255.255.255 என்று மாற்றினால் மாலையில்கூட எழுவதில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

செல்வம்_ஈரோடு:
எனக்கும் இதே பிரச்சினைதான். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் எழாது. Fast Startup-ஐ அணைத்துப் பாருங்கள். பயாஸில் ErP என்று ஒன்று இருக்கும், அதையும் Disabled ஆக்குங்கள்.

மலர்_கோவை:
நான் ஷட்டவுன் செய்வதில்லை அண்ணா, ஸ்லீப் மட்டும்தான். காலையில் ஆபீசில் இருக்கும் பையனை விட்டு உள்ளிருந்து அனுப்பச் சொன்னால் எழுந்துவிடுகிறது. அதனால் பிசி பக்கம் சரியாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தினேஷ்_நெட்:
இது ஏஆர்பி விவகாரம். ஒரு ஐபிக்கு எந்த மேக் முகவரி என்பதை ரவுட்டர் கொஞ்ச நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். மாலையில் பிசி இப்போதுதான் தூங்கியது என்பதால் ரவுட்டருக்கு ஞாபகம் இருக்கிறது. காலையில் மறந்துவிடுகிறது. டிஎச்சிபியில் அந்த பிசிக்கு ஸ்டேட்டிக் லீஸ் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

மலர்_கோவை:
ஸ்டேட்டிக் லீஸ் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். அதனால்தான் ஐபி எப்போதும் .25 ஆகவே இருக்கிறது.

கேபிள்_ராஜா:
தினேஷ் காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார், மருந்துதான் வேறு. ஸ்டேட்டிக் லீஸ் என்பது பிசி வந்து கேட்கும்போது எந்த ஐபியைக் கொடுப்பது என்பதற்கு மட்டும். ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் அது எதையும் எழுதாது.

மலர், நாளை காலை ஒன்று செய்யுங்கள். விபிஎன் போட்டு ரவுட்டருக்குள் எஸ்எஸ்எச்-இல் நுழைந்து tcpdump நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு விண்டோவில் முதல் வரி, இன்னொன்றில் இரண்டாவது. அப்புறம் போனிலிருந்து பட்டனை அழுத்துங்கள்.

```
tcpdump -ni wg0 udp port 9
tcpdump -ni br-lan 'arp or udp port 9'
```

கூடவே `ip neigh show 192.168.10.25` என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். இன்னொரு கேள்வி: காலையில் எழுப்புவதற்கு முன்னால் பிங் அல்லது ரிமோட் டெஸ்க்டாப் முயல்வீர்களா?

மலர்_கோவை:
ஆமாம் சார். முதலில் ரிமோட் டெஸ்க்டாப் திறந்து பார்ப்பேன். யாராவது பிசியை ஆன் செய்து வைத்திருக்கலாம் இல்லையா? வரவில்லை என்றால்தான் ஆப்பைத் திறப்பேன்.

இன்று காலை பார்த்தது இது. முதல் வரி wg0-இல் வந்தது, இரண்டாவது br-lan-இல், மூன்றாவது ip neigh சொன்னது:

```
IP 10.8.0.3.51422 > 192.168.10.25.9: UDP, length 102
ARP, Request who-has 192.168.10.25 tell 192.168.10.1, length 28
192.168.10.25 dev br-lan FAILED
```

br-lan பக்கம் அந்த 102 பைட் பாக்கெட் வரவே இல்லை. "யார் .25?" என்ற கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

கேபிள்_ராஜா:
விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் மேஜிக் பாக்கெட் விபிஎன்னைத் தாண்டி ரவுட்டர் வரை பத்திரமாக வந்துவிட்டது. 102 பைட் என்பதும் சரியான அளவு: 6 முறை FF, பிறகு பிசியின் மேக் முகவரி 16 தடவை. பிசியின் நெட்வொர்க் கார்டு தூக்கத்தில் தேடிக்கொண்டிருப்பது இந்த வரிசையை மட்டும்தான். எந்த ஐபிக்கு வந்தது, எந்த போர்ட் என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை.

ஆனால் பாக்கெட்டை ஆபீஸ் கேபிளில் இறக்க ரவுட்டருக்கு ஒரு மேக் முகவரி வேண்டும். பாக்கெட்டுக்குள் அது 16 தடவை எழுதியிருந்தாலும் ரவுட்டர் உள்ளே பிரித்துப் பார்க்காது. தன் ஏஆர்பி பட்டியலைத்தான் பார்க்கும். மாலையில் அந்தப் பட்டியலில் உங்கள் பிசி இருக்கிறது. லினக்ஸ் ரவுட்டர் பழைய பதிவை உடனே அழித்துவிடாது, STALE என்று குறித்து வைத்திருக்கும், அடுத்த பாக்கெட் வந்தால் அதை நம்பி அனுப்பிவிட்டு, சில விநாடி கழித்துத்தான் "இருக்கிறாயா?" என்று கேட்கும். காலையில் அந்த ஒரு வாய்ப்பை உங்கள் ரிமோட் டெஸ்க்டாப் முயற்சி எடுத்துக்கொள்கிறது. ரவுட்டர் கேட்கிறது, தூங்கும் பிசி பதில் சொல்வதில்லை, பதிவு FAILED ஆகிறது. அப்புறம் வரும் மேஜிக் பாக்கெட்டை ரவுட்டரால் கீழே போடத்தான் முடியும். சில கார்டுகள் தூக்கத்திலும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லும், உங்களுடையது சொல்லவில்லை.

தினேஷ்_நெட்:
அப்படியென்றால் சுவிட்சும் மறந்துவிடுமே? சுவிட்ச் பட்டியல் பெரும்பாலும் 5 நிமிடம்தான் தாங்கும்.

கேபிள்_ராஜா:
மறக்கும், ஆனால் அதனால் நஷ்டமில்லை. தெரியாத மேக் முகவரிக்கு ஃபிரேம் வந்தால் சுவிட்ச் அதை எல்லா போர்ட்டிலும் அனுப்பிவிடும், பிசிக்கும் போய்ச் சேரும். தெரியாவிட்டால் கீழே போடுவது ரவுட்டர்தான்.

மலர்_கோவை:
புரிகிறது. அப்போ 255.255.255.255 ஏன் மாலையில்கூட வேலை செய்யவில்லை? அதற்கு ஏஆர்பியே வேண்டாமே.

கேபிள்_ராஜா:
அது "நான் இருக்கும் கம்பியில் உள்ள எல்லோருக்கும்" என்று அர்த்தம். எந்த ரவுட்டரும் அதை அடுத்த பக்கம் தள்ளாது. வயர்கார்டு சுரங்கத்தில் மேக் முகவரி என்பதே கிடையாது, ஐபி பாக்கெட் மட்டும்தான் போகும்; இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அவ்வளவுதான். வீட்டு வைஃபையில் இருந்து அனுப்பினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு முடிந்துவிடும். wg0-இல் பார்த்தால் தெரியும், எதுவும் வராது.

192.168.10.255 போட்டால் கதை கொஞ்சம் மாறும். பாக்கெட் wg0 வரை வரும், br-lan-இல் இறங்காது. வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட பிராட்காஸ்ட்டை உள்ளே பரப்பக்கூடாது என்பதுதான் ரவுட்டர்களின் இயல்பான அமைப்பு. 90-களில் இந்த வசதியை வைத்து ஒரே பாக்கெட்டால் ஒரு நெட்வொர்க் முழுவதையும் பதில் சொல்ல வைத்து, வேறொருவர் மேல் அந்த வெள்ளத்தைத் திருப்பிவிடும் ஸ்மர்ஃப் தாக்குதல்கள் நடந்தன. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2644, இதை இயல்பாக மூடி வைக்கச் சொன்னது. அதனால் உள்ளே இருக்கும் யாராவது ஒருவர் உங்களுக்காகக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். ரவுட்டரே செய்யலாம்:

```
opkg update && opkg install etherwake
etherwake -b -i br-lan 00:00:5E:00:53:25
```

மேக் முகவரி உங்களுடையதைப் போடுங்கள். `-i br-lan` கட்டாயம், விட்டால் eth0-இல் அனுப்பும், அது உங்கள் ரவுட்டரில் இணையப் பக்கமாகக்கூட இருக்கலாம். luci-app-wol நிறுவினால் பிரவுசரிலேயே பட்டன் வந்துவிடும்.

வினோத்_டாப்:
எதற்கு இவ்வளவு சுற்று? ஓப்பன்விபிஎன்னை டாப் முறையில் பிரிட்ஜ் செய்தால் பிராட்காஸ்ட் தானாகவே போகும். எங்கள் ஆபீசில் அப்படித்தான்.

கேபிள்_ராஜா:
போகும், உண்மைதான். கூடவே ஆபீசின் ஏஆர்பி, பிரிண்டர் அறிவிப்பு எல்லாம் சேர்ந்து அவர் மொபைல் டேட்டாவில் ஏறி வரும். அவர் போனிலிருந்து எழுப்புகிறார். ஓப்பன்விபிஎன்னின் போன் ஆப்பில் டாப் கிடையாது. ஒரு பாக்கெட்டுக்காக விபிஎன்னையே மாற்றச் சொல்ல மாட்டேன்.

மலர்_கோவை:
etherwake போட்டேன், ரிமோட் டெஸ்க்டாப் தோற்ற பிறகும் பிசி எழுந்துவிட்டது! மிக்க நன்றி சார். ஒரே சிக்கல், ஆபீசில் இன்னும் மூன்று பேர் வீட்டிலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் ரவுட்டர் பாஸ்வேர்டு கொடுக்க எங்கள் சார் சம்மதிக்க மாட்டார். அவர்கள் போன் ஆப்பையே பயன்படுத்த வழி இருக்கிறதா?

கேபிள்_ராஜா:
இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத ஓர் ஐபியை எடுத்து, அதன் மேக் முகவரி "எல்லோரும்" என்று ரவுட்டரிடம் நிரந்தரமாகச் சொல்லிவிடலாம். OpenWrt இயல்பாக .100 முதல் .249 வரைதான் டிஎச்சிபியில் கொடுக்கும் என்பதால் .254 வசதி. வேறு எந்தக் கருவியும் அதில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

```
ip neigh replace 192.168.10.254 lladdr ff:ff:ff:ff:ff:ff nud permanent dev br-lan
```

ip கட்டளை ஏற்கவில்லை என்றால் ip-full நிறுவுங்கள். அப்புறம் ஒவ்வொருவர் ஆப்பிலும் ஐபி 192.168.10.254, மேக் மட்டும் அவரவர் பிசியுடையது. ரவுட்டர் .254-ஐ சாதாரண முகவரி என்று நினைத்து அனுப்பும், கேபிளில் இறங்கும்போது அது பிராட்காஸ்ட்டாக இருக்கும். ரவுட்டர் ரீபூட் ஆனால் இந்தப் பதிவு போய்விடும், அதனால் /etc/rc.local-இல் `exit 0`-க்கு மேலே இதே வரியைச் சேர்த்து வையுங்கள். நெட்வொர்க்கை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலும் போகலாம், அப்போது கையால் ஒருமுறை ஓட்ட வேண்டும். ஃபயர்வாலில் விபிஎன் பக்கத்திலிருந்து .254-க்கு யூடிபி 9 மட்டும் திறந்தால் போதும்.

செல்வம்_ஈரோடு:
எனக்கு ரவுட்டரில் நுழையவே வழியில்லை, இணையம் கொடுத்தவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

கேபிள்_ராஜா:
எப்போதும் ஓடும் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கிறதா? நாஸ், ராஸ்பெரி பை, எதுவானாலும் சரி. விபிஎன் வழியாக அதற்குள் போய் அங்கிருந்து அனுப்புங்கள். உங்கள் பிசி இருக்கும் அதே விலேனில் அது இருக்க வேண்டும்.

மலர்_கோவை:
.254 வேலை செய்கிறது, மற்றவர்களும் எழுப்பிவிட்டார்கள். இன்னொன்று மிச்சம். சனிக்கிழமை கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்திருக்கிறது. ஞாயிறு ரவுட்டர் வந்துவிட்டது, பாக்கெட் br-lan-இல் இறங்குவதும் தெரிகிறது, பிசி மட்டும் எழவில்லை.

கேபிள்_ராஜா:
இது வேறு விஷயம். கரண்ட் முழுதாகப் போனால் தூக்கத்தில் இருந்த நிலையும் போய்விடும். சில போர்டுகளில் ஒருமுறை ஆன் ஆகும்வரை நெட்வொர்க் கார்டு எழுப்பலுக்குத் தயாராக இருப்பதில்லை. பயாஸில் Restore on AC Power Loss அல்லது அதுபோல ஒன்று இருந்தால் Power On ஆக்கிப் பாருங்கள். கரண்ட் வந்ததும் அதுவே ஆன் ஆகும், விண்டோஸ் வந்தபின் தூங்கவும் போகும். உங்கள் போர்டு மாடல் எது?

மலர்_கோவை:
திங்கள் ஆபீஸ் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்.