எட்டு அணி, ஏழு ஆட்டம்: செலவை யார் எவ்வளவு ஏற்பது?

ஓப்பனர்: நாக் அவுட் போட்டி, எட்டு அணிகள். கிரவுண்ட் வாடகை, தண்ணீர், சிற்றுண்டி, பரிசுப் பணம் எல்லாவற்றையும் கூட்டி எட்டாகப் பிரித்து வாங்கினால் சரிதானே? முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவோமோ என்று நினைப்பவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள்.

கவர் டிரைவ்: முணுமுணுப்பதில் தப்பே இல்லை. ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறவனும் மூன்று ஆட்டம் ஆடுகிறவனும் ஒரே வாடகையா? ஆடிய ஆட்டத்துக்குத்தான் காசு வாங்க வேண்டும்.

ஸ்கோரர்: சரி, எப்போது வாங்குவீர்கள்? யார் எத்தனை ஆட்டம் ஆடுவார்கள் என்று காலையில் தெரியாது. இறுதி ஆட்டம் முடிந்தபின் போய்க் கேட்டால் பாதிப் பேர் வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். முன்கூட்டியே எல்லோரிடமும் சமமாக வாங்குங்கள், கடைசியில் பரிசுப் பணத்தில் நேர் செய்யுங்கள். வாடகை 2800 என்றே வைப்போம். ஏழு ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு அணி, ஆக 14 பங்கு, ஒரு பங்கு 200. எல்லோரும் 350 கட்டியிருப்பார்கள். முதல் சுற்றில் தோற்ற நான்கு அணிகளுக்கும் ஆளுக்கு 150 திருப்பிக் கொடுக்க வேண்டும், மொத்தம் 600. இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் ஆளுக்கு 250 குறைவாகக் கட்டியிருக்கிறார்கள், அதைப் பரிசில் கழித்தால் 500 வந்துவிடும். மீதி 100 அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகள் ஆளுக்கு 50 குறைவாகக் கட்டியது. அவர்களுக்குப் பரிசு இல்லையென்றால் துரத்தாதீர்கள், பொதுப் பணத்திலிருந்து போடுங்கள்.

மிட் ஆன்: ஜெயித்ததற்கு அபராதமா? நாள் முழுக்க வெயிலில் நின்று கோப்பை வாங்கினால் பணத்தைப் பிடிப்பீர்களா? எங்கள் அணி இதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஸ்கோரர்: அபராதம் இல்லை, நீங்கள் பயன்படுத்திய மைதானத்துக்கான வாடகை. ஆனால் முதல் பந்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் உங்கள் கோபம் நியாயம்தான்.

பழைய கேப்டன்: வாடகையை விடுங்கள், எங்களுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். பரிசுத் தொகையை நோட்டீஸில் போட்டுவிட்டோம். அன்று காலை ஒரு அணி வரவில்லை, அவர்கள் பணமும் வரவில்லை. அறிவித்த தொகையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும், நானும் நண்பனும் கையிலிருந்து போட்டோம்.

ஸ்கோரர்: அதனால்தான் பணம் கைக்கு வந்த பிறகே தொகையைச் சொல்ல வேண்டும். முதலில் வாடகை, சிற்றுண்டி, பந்து. மிஞ்சுவது பரிசு, அதில் வென்றவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. கட்டாத அணிக்கு அட்டவணையில் இடமே வேண்டாம்.

கவர் டிரைவ்: சிற்றுண்டியை மட்டும் அணிக்கணக்கில் பிரிக்காதீர்கள். 11 பேரோடு வரும் அணியும் 17 பேரோடு வரும் அணியும் ஒரே தொகை கட்டினால் என்ன கணக்கு? தலைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள்.

மிட் ஆன்: அப்போது வேடிக்கை பார்க்க வரும் தம்பிகள் குடிக்கும் தண்ணீர்?

ஓப்பனர்: தண்ணீரைப் பொதுவில் வைத்துக்கொண்டு சிற்றுண்டிக்கு மட்டும் தலைக்கணக்கு போடுகிறேன். பணம் வந்தபின்தான் பரிசு அறிவிப்பு, அதுவும் முடிவு. வாடகைக் கழிவுக்கு எட்டு கேப்டன்களையும் கூட்டிப் பேச வேண்டும், மிட் ஆன் அண்ணா, நீங்களும் வர வேண்டும்.

மிட் ஆன்: வருகிறேன், ஆனால் 250-க்கு ஒத்துக்கொள்வேன் என்று நினைக்காதே.