ஒன்பது நோட்டு நிறைந்தும் சனிக்கிழமை இரவு வெறுங்கைதான்

தொடங்கியவர்: 14 வருடமாகப் படிப்பதையெல்லாம் குறித்து வைக்கிறேன். ஒன்பது நோட்டு ஆகிவிட்டது. ஆனால் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தால் எது எந்த நோட்டில் என்று தெரிவதில்லை. தலைப்புவாரியாகப் பிரித்தேன், 'விசுவாசம்' உறை மட்டும் பிதுங்கி நிற்கிறது. உங்கள் அனுபவம்?

ஓய்வுபெற்ற போதகர்: தம்பி, நானும் அந்த உறையில் மாட்டியவன்தான். பிறகு வசன எண்ணுக்கு மாறினேன். நோட்டில் எழுதுவது படித்த வரிசைப்படியே போகட்டும். பக்கத்துக்கு மட்டும் எண் போடுங்கள். கோப்பில் வேதாகமப் புத்தகத்துக்கு ஒரு தாள். அதில் 'மாற்கு 4:38 – நோட்டு 3, பக்கம் 41' என்று ஒரே வரி. அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் வெற்றுத் தாள் இடையிட்டுக் கட்டிய வேதாகமத்தில் வசனத்துக்கு எதிரே எழுதிவந்ததும் இதே வழிதான்.

போன மாதம் இயேசு புயலை அமர்த்திய பகுதி வந்தது. மாற்குத் தாளில் மூன்று வரி இருந்தன. ஒன்று, படவில் அவர் தூங்கிய தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும். மத்தேயுவும் லூக்காவும் சொல்லவில்லை. இரண்டாவது, 4:36இல் வேறு படவுகளும் கூட வந்தனவே, அவை என்னவாயின? மூன்றாவது, 'யோனா 1:5 பார்'. அவனும் புயலில் தூங்குகிறான், ஆனால் ஓடி ஒளிந்தவனாக. மூன்றும் வெவ்வேறு வருடம் எழுதியவை. அந்த இரண்டு தூக்கமும்தான் பிரசங்கமாயிற்று. படவுகளைத் தொடவில்லை, அவை அடுத்த முறைக்கு.

இளம் ஊழியர்: ஐயா, போனில் தட்டச்சு செய்தால் தேடினாலே வந்துவிடுமே? அட்டவணை எதற்கு?

ஓய்வுபெற்ற போதகர்: வரும், எழுதிய சொல் ஞாபகம் இருந்தால். நான் 'உறக்கம்' என்று எழுதிவிட்டு 'நித்திரை' என்று தேடுவேன். போனிலும் முதல் வரியில் வசன எண்ணை ஒரே மாதிரி போடுங்கள், போதும்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: நான் பழைய பிரசங்கங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதையே திரும்பப் பிரசங்கிக்கலாமா?

தொடங்கியவர்: அக்கா, நான் கேட்டது பிரசங்கத்துக்கு முந்தின குறிப்புகளை. ஆனாலும் நீங்கள் சொன்னதும் ஒன்று உறைத்தது: ஒரே கதையை ஒரே சபையில் இரண்டு முறை சொன்னேன், ஒரு பாட்டி முடிவை முந்திச் சொல்லிவிட்டார்!

ஓய்வுபெற்ற போதகர்: பயன்படுத்தியதும் அந்த வரியோரம் தேதியும் சபையும் எழுதுங்கள். இன்னொன்று, 'அருமையான கருத்து!' என்று மட்டும் எழுதாதீர்கள். என் இரண்டாம் நோட்டில் அப்படிப் பாதிப் பக்கம். என்ன அருமை என்று இன்றும் தெரியவில்லை. யார் சொன்னது, எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். இல்லையென்றால் மேடையில் அது உங்கள் கருத்தாகிவிடும்.

தொடங்கியவர்: எந்த வசனத்திலும் ஒட்டாத கதைகளை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற போதகர்: அவற்றுக்குத் தனித் தாள் வைத்தேன். அதுவும் பிதுங்குகிறது, தம்பி.