காப்பீட்டு கிளெய்ம்: டாக்டர் சான்று போதாது என்கிறார்கள்

கிளம்புவதற்கு முந்தைய வாரம் டைபாய்டு வந்து மருத்துவமனையில் சேர்ந்ததால் வெளிநாட்டுப் பயணத்தை ரத்து செய்தேன். இப்போது கிளெய்மை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சான்றில் "ஓய்வு தேவை" என்று மட்டும் இருக்கிறதாம், "பயணத் தேதியில் பயணம் செய்யும் நிலையில் இல்லை" என்ற வரி வேண்டுமாம்.

கடிதத்தில் பாலிசி எண், நோய் உறுதியான தேதி, ரத்து செய்த தேதி எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். திரும்பக் கிடைக்காத பணத்தை மட்டும்தான் கேட்டேன்: விமான டிக்கெட்டில் திருப்பித் தந்த வரி போக மீதி, அப்புறம் ஹோட்டல் முன்பணம். விசா கட்டணம் பாலிசியில் வராது, அதனால் சேர்க்கவில்லை. பணம் கட்டிய ரசீதுகள், "ரீஃபண்ட் இல்லை" என்று ஹோட்டல் அனுப்பிய மின்னஞ்சல், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் இணைத்தாயிற்று.

டாக்டரிடம் புதுச் சான்று கேட்டேன். தருகிறேன், ஆனால் இன்றைய தேதிதான் போடுவேன் என்கிறார். அது நியாயம்தான். கிளெய்ம் பிரிவிலோ, ரத்துக்குப் பின் எழுதிய சான்று செல்லாது என்று போனில் சொல்கிறார்கள். எழுத்தில் கேட்டால் பதிலே இல்லை.

இன்றைய தேதியிட்ட சான்றில், சிகிச்சை தந்த தேதிகளையும் அப்போதைய உடல்நிலையையும் குறிப்பிட்டு அனுப்பி, யாருக்காவது கிளெய்ம் கிடைத்திருக்கிறதா?