'எல்ஓபி' நாளுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

மனிதவளப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்பவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் வருகைப் பதிவு, விடுப்பு இருப்பு, வார ஓய்வு, சம்பள உள்ளீடு எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. 'எல்ஓபி' ஒன்றுதான் பாக்கி. மாத முடிவில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும், சம்பளம் சேராத நாள் எத்தனை என்று எழுதும் கட்டம் அது. என்ன வைக்கலாம்?

— கயல்விழி

---

அம்மா, 'ஊதியமில்லா விடுப்பு' என்று அரசு ஆணைகளிலேயே இருக்கிறதே. புழக்கத்தில் உள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

— சுந்தரம்

---

சுந்தரம் ஐயா, அந்தச் சொல் பாதிக்குத்தான் பொருந்தும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

மாதச் சம்பளம் 18,000 ரூபாய். ஜூன் மாதம், 30 நாள். கைரேகைக் கருவியிலிருந்து எடுத்த தாளில் 12, 13, 18, 19, 24 ஆகிய ஐந்து தேதிகளில் 'A' விழுந்திருக்கிறது. பயிற்சியாளர் அப்படியே ஐந்து என்று எழுதினால் அவருக்கு 3,000 ரூபாய் போய்விடும்.

12-ஆம் தேதி அவருக்கு இரவு ஷிஃப்ட். இரவு 10 மணிக்கு உள்ளே வந்த பதிவு 12-இலும், காலை 6 மணிக்கு வெளியே போன பதிவு 13-இலும் விழுந்தன. இரண்டு நாளிலும் ஒற்றைப் பதிவுதான் என்பதால் மென்பொருள் இரண்டையும் 'வரவில்லை' என்று குறித்துவிட்டது. உண்மையில் 12 வேலை நாள், 13 அவருடைய வார ஓய்வு. அடுத்தடுத்த இரண்டு தேதிகளில் ஒற்றைப் பதிவு இருந்தால் முதலில் ஷிஃப்ட் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

18, 19 இரண்டுக்கும் விடுப்பு விண்ணப்பம் இருக்கிறது. ஆனால் தற்செயல் விடுப்பு இருப்பு ஒன்றுதான். எனவே 18 சம்பளத்தோடு கூடிய விடுப்பு, 19 சம்பளமில்லாத விடுப்பு. 24-ஆம் தேதிக்கு விண்ணப்பமும் இல்லை, தகவலும் இல்லை.

ஆக எல்ஓபி 2, பிடிபடுவது 1,200 ரூபாய். அந்த இரண்டில் ஒன்றுதான் விடுப்பு. 24-ஐயும் 'விடுப்பு' என்று எழுதினால், யாரோ அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் அந்த ஒரு சொல்லே சிக்கலாகும். அதனால் 'விடுப்பு' வேண்டாம், 'நாள்' என்று முடிய வேண்டும். 'ஊதியமிலா நாள்' என் பரிந்துரை.

— நசீமா

---

பி.எஃப். பிடித்தம், முன்பணப் பிடித்தம் மாதிரி இதையும் 'வராமைப் பிடித்தம்' என்றே வைத்துவிடலாமே? சம்பளச் சீட்டில் வலப்பக்கம் வருவதுதானே இது?

— ஜோசப்

---

இல்லை ஜோசப், இது வலப்பக்கம் வராது. வரவுப் பக்கமே 18,000-க்குப் பதில் 16,800 என்று குறைந்து வர வேண்டும். பிடித்தத்தில் போட்டால் இ.எஸ்.ஐ. முழுச் சம்பளத்துக்கும் கணக்காகும்: 0.75 விழுக்காட்டில் 126 வர வேண்டிய இடத்தில் 135 வரும். தவிர, இந்தக் கட்டத்தில் இருப்பது ரூபாய் இல்லை, நாள். அதே எண்தான் பி.எஃப். கோப்பில் `NCP Days` என்ற இடத்துக்கும் போகிறது. 30-இல் அதைக் கழித்த 28 இ.எஸ்.ஐ. பக்கத்துக்குப் போகிறது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். எண் தப்பானால் அடி அங்கேயும் விழும்.

கயல், கையேட்டில் இந்தச் சூத்திரத்தைச் சேர்த்துவிடுங்கள். சம்பளமில்லா விடுப்புக்கு `LWP`, சம்பளமில்லா அரைநாளுக்கு `HL` என்று குறிப்பதாக வைத்துக்கொண்டால்:

```
=COUNTIF(C2:AF2,"A")+COUNTIF(C2:AF2,"LWP")+0.5*COUNTIF(C2:AF2,"HL")
```

`A` எழுத்துக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் அது எண்ணப்படாது. ஆகவே வேலை நாள், ஓய்வு, விடுமுறை, சம்பள விடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணி, இதையும் கூட்டி 30 வருகிறதா என்று பார்க்க வேண்டும். 29 வந்தால் ஏதோ ஒரு கட்டம் தவறியிருக்கிறது.

— நசீமா

---

அக்கா, 'ஊதியமிலா நாள்' எழுத்தில் நன்றாக இருக்கிறது. தொழிலாளியிடம் விளக்கும்போது 'சம்பளமில்லாத நாள்' என்றால்தான் உடனே புரியும். பயிற்சியாளர் நாள் முழுக்கப் பேசுவது அவர்களோடுதானே? இன்னொன்று, ஜூனில் தவறாக எண்ணிய ஒரு நாளை ஜூலைச் சம்பளத்தில் திருப்பித் தருவதற்கும் சொல் வேண்டும்.

— கயல்விழி

---

'சம்பளமில்லாத நாள்' என்றாலும் எனக்குச் சம்மதமே. திருப்பித் தருவதற்கு 'நாள் மீட்பு' எப்படி? எந்தச் சொல் வைத்தாலும், எந்த மாதத்து நாள் என்பதையும் பக்கத்தில் எழுத ஒரு கட்டம் விடுங்கள். ஜூன் நாளுக்கு 30-ஆல் வகுத்து 600 ரூபாய் தர வேண்டும். ஜூலை என்று நினைத்து 31-ஆல் வகுத்தால் 580.65 தான் வரும்.

— நசீமா

---

விடுப்பு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 'மீட்பு' மட்டும் உறுத்துகிறது. கடனை அடைத்து நகையைத் திருப்புவதுபோல் ஒலிக்கிறது. 'நாள் திருத்தம்' என்றால் போதாதா?

— சுந்தரம்