5/12 + 7/18: மீ.சி.ம. எடுக்கணுமா, குறுக்கே பெருக்கினால் போதுமா?

வாணி
பையன் ஆறாம் வகுப்பு. 5/12 + 7/18 என்ற கணக்கை ட்யூஷனில் சொல்லிக்கொடுத்தபடி குறுக்கே பெருக்கி 174/216 என்று எழுதியிருக்கிறான். பள்ளியில் மீ.சி.ம. எடுத்துத்தான் செய்யணும், விடை 29/36 என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எந்த முறையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது? எது பெரிய பின்னம் என்று கேட்டாலும் இதே குழப்பம்தான்.

செந்தில் ட்யூஷன்
வணக்கம்மா. நானும் ட்யூஷன் எடுக்கிறவன்தான். பையன் செய்ததில் தப்பே இல்லை. 5×18 = 90, 7×12 = 84, கூட்டினால் 174. கீழே 12×18 = 216. எந்தப் பின்னத்தைக் கொடுத்தாலும் இது வேலை செய்யும். மீ.சி.ம. கண்டுபிடிக்கிறதிலேயே பாதிப் பிள்ளைகள் தடுமாறி, கூட்டல் வரைக்கும் வருவதே இல்லை. எது பெரியது என்பதற்கும் அதே இரண்டு எண்கள் போதும்: 90 பெரியது, அதனால் 5/12 பெரியது.

சரஸ்வதி டீச்சர்
செந்தில் தம்பி சொன்ன விடை சரிதான். 174/216ஐ 6ஆல் சுருக்கினால் 29/36 வந்துவிடும். ஆனால் அந்த 6 எங்கிருந்து வந்தது என்று பையனுக்குத் தெரியணும். 12, 18 இரண்டிலுமே 6 ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கும்போது அது இரண்டு தடவை உள்ளே வந்துவிடுகிறது, ஒரு தடவை வந்தாலே போதும். அதனால்தான் 36 இருக்கவேண்டிய இடத்தில் ஆறு மடங்காக 216 நிற்கிறது.

வாணிம்மா, மீ.சி.ம. எடுக்கப் பகாக்காரணி ஏணியெல்லாம் இந்தக் கணக்குக்கு வேண்டாம். பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். 18, அது 12ஆல் வகுபடாது. அடுத்து 36, வகுபடும். அங்கேயே நிறுத்திவிடலாம். 36க்குள் 12 மூன்று தடவை போகும், அதனால் மேலேயும் மூன்றால் பெருக்கி 15/36. 18 இரண்டு தடவை போகும், 14/36. துண்டுகள் ஒரே அளவாகிவிட்டதால் இப்போது 15 துண்டும் 14 துண்டும் சேர்ந்து 29 துண்டு. எது பெரியது என்பதும் அதே வரியில் தெரிந்துவிடுகிறது.

பட்டறை முருகேசன்
இதுக்கு ஏன் இவ்வளவு? எங்க பட்டறையில இன்ச் ஸ்பேனர்தான். 1/2 சேரலை, நட்டுல ஆடுதுன்னா அடுத்த சின்னது எதுன்னு பார்க்கணும். எல்லாத்தையும் பதினாறுல நினைச்சுக்குவோம்: 7/16, 8/16, 9/16. அப்போ 1/2க்குக் கீழே 7/16. டேப்புல 3/8ம் 5/16ம் சேர்த்தா 6/16, 5/16, மொத்தம் 11/16. ரெண்டு பகுதியில எது பெரிசோ அதை எடுத்துக்கிட்டா முடிஞ்சது.

சரஸ்வதி டீச்சர்
முருகேசன் அண்ணே, இன்ச் டேப் பாதி பாதியாகவே பிரிந்து போகிறது. 2, 4, 8, 16 என்று சின்னது எப்போதும் பெரியதற்குள் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். அதனால்தான் உங்கள் வழி அங்கே பொய்க்காது. நம் பழைய அளவிலேயே பாருங்கள்: மாகாணி 1/16, மா 1/20. பெரிய பகுதி 20, ஆனால் 20க்குள் 16 அடங்காது. 40, 60 தாண்டி 80க்குப் போகணும். 80இல் ஒரு பங்குதான் காணி. மாகாணி ஐந்து காணி, மா நாலு காணி, சேர்த்தால் 9/80. வாணிம்மா பையனின் 12, 18உம் இந்த ரகம்தான்.

செந்தில் ட்யூஷன்
டீச்சர், ஒரு சந்தேகம். மீ.சி.ம. எடுத்தால் கடைசியில் சுருக்கவே வேண்டாம் என்பது போல எல்லாரும் சொல்கிறார்கள். 1/6 + 1/10 பாருங்கள். மீ.சி.ம. 30. 5/30 + 3/30 = 8/30. திரும்பவும் 2ஆல் சுருக்கி 4/15. எப்படியும் சுருக்கணும் என்றால் முதலிலேயே எதற்கு மெனக்கெடணும்?

சரஸ்வதி டீச்சர்
நல்ல கேள்வி தம்பி. மேலே கூட்டிய பிறகு புதிதாக ஒரு பொதுக் காரணி வந்துவிடலாம், அதை மீ.சி.ம. தடுக்காது. ஆகவே கடைசியில் ஒருமுறை பார்த்தே ஆகணும். ஆனால் மூன்று பின்னம் வந்தால் உங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? 1/6 + 3/8 + 5/12 கொடுத்துப் பாருங்கள்.

செந்தில் ட்யூஷன்
முதல் இரண்டைக் குறுக்கே பெருக்கி, வந்ததோடு மூன்றாவதைச் சேர்ப்போம். 26/48, பிறகு 552/576. சுருக்கினால் 23/24.

சரஸ்வதி டீச்சர்
நீங்கள் செய்தால் சரியாக வரும். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, எதை எதனோடு குறுக்கே பெருக்குவது என்று தெரியாமல் பக்கத்தில் இருக்கிற எண்ணோடு பெருக்கும் பிள்ளைகளைத்தான் நான் வகுப்பில் பார்த்தேன். ஒவ்வொரு மேல் எண்ணும் மற்ற இரண்டு பகுதிகளாலும் பெருகணும், அது அந்தக் குறுக்குக் கோட்டில் தெரிவதே இல்லை. பொதுப் பகுதி 24 என்று எடுத்தால் 4 + 9 + 10, உடனே 23/24.

காவ்யா
டீச்சர், நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். எது பெரியது என்று மட்டும் கேட்டால் பொதுப் பகுதியே வேண்டாம் என்பது என் கட்சி. 5/12 அரையைவிட 1/12 குறைவு. 7/18 அரையைவிட 2/18 குறைவு, அதாவது 1/9. ஒன்பதில் ஒரு பங்கு பன்னிரண்டில் ஒரு பங்கைவிடப் பெரியது. அதிகம் குறைந்தது 7/18, அதனால் 5/12தான் பெரியது.

செந்தில் ட்யூஷன்
அழகாத்தான் இருக்கிறது காவ்யா. அரைக்குப் பக்கத்தில் இல்லாத 3/13, 4/17க்கு என்ன பண்ணுவீர்கள்? குறுக்கே பெருக்கினால் 51, 52. 4/17 பெரியது. பொதுக் காரணி இல்லாததால் மீ.சி.ம. எடுத்தாலும் 221தான், டீச்சர் முறையும் என் முறையும் இங்கே ஒன்றுதான்.

காவ்யா
காலோடு ஒப்பிடுவேன் அண்ணா. 3/13 காலைவிட 1/52 குறைவு, 4/17 காலைவிட 1/68 குறைவு. குறைந்தது சின்னது என்பதால் 4/17 பெரியது. ஆனால் இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு பொதுப் பகுதி எடுத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வாணி
எல்லாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு அதே கணக்கைத் திரும்பப் போடச் சொன்னேன். இரண்டு முறையையும் விட்டுவிட்டு மேலே மேலே, கீழே கீழே கூட்டி 12/30 என்று எழுதிவிட்டான். தப்பு என்று எனக்குத் தெரிகிறது, அவனுக்கு எப்படிக் காட்டுவது?

சரஸ்வதி டீச்சர்
12/30ஐச் சுருக்கினால் 2/5. அதை 5/12ஓடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொதுப் பகுதி 60: 24/60, 25/60. அதாவது 5/12ஓடு இன்னும் ஒன்றைச் சேர்த்த பிறகு, கையில் இருந்ததைவிடக் குறைந்துபோயிருக்கிறது. சேர்த்தால் எப்படிக் குறையும் என்று அவனையே கேளுங்கள். அப்படிக் கூட்டினால் எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் ஏதாவது வரும், பெரியதைத் தாண்டவே தாண்டாது.

செந்தில் ட்யூஷன்
இதை என் வகுப்பிலும் கேட்கிறேன் டீச்சர். ஆனால் மதிப்பெண் விஷயத்தில் நான் மாறவில்லை. கேள்வியில் ‘சுருக்குக’ என்று இல்லாதபோது 174/216க்கு எதற்குக் குறைக்கணும்? அதுவும் 29/36உம் ஒரே அளவுதானே.

சரஸ்வதி டீச்சர்
நான் திருத்தியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். எளிய வடிவில் விடை தருவது எங்கள் வகுப்பில் முதல் நாளிலேயே சொன்ன விதி. வாணிம்மா, பையனின் ஆசிரியர் அப்படிச் சொல்லியிருந்தாரா என்று நோட்டில் பாருங்கள். சொல்லவில்லை என்றால் செந்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது.