அளவுகோல் உருவாக்கியவரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிய அனுபவம்

கலைச்செல்வி
பக்கவாத நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் சுமை பற்றி என் முனைவர் பட்ட ஆய்வு. எடுத்துக்கொண்ட அளவுகோல் வெளிநாட்டில் உருவானது, 24 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இதில் இரண்டு கூற்றுகள் நம் ஊருக்கு ஒட்டவே இல்லை. ஒன்று நோயாளியைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விடுவது பற்றி, இன்னொன்று காரில் அழைத்துப் போவது பற்றி. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதம் இல்லாமல் கோப்பைத் தொடாது என்பதால் முதலில் இந்த வேலையைத்தான் முடித்தேன்.

கடிதம் ஒரு பக்கம்தான். நான் யார், கைடு யார், எந்த ஆண்டு வெளியான எந்த வடிவம் வேண்டும், எத்தனை பேரிடம் கேட்பேன், தாளிலா ஆன்லைனிலா, இதில் பண வருவாய் ஏதும் இல்லை என்பதெல்லாம் முதல் பத்தியில். அப்புறம் பயன்படுத்த, தமிழில் மொழிபெயர்க்க, மாற்ற, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட என்று நான்கு அனுமதிகளைத் தனித்தனியாகக் கேட்டேன். மாற்றம் என்று பொதுவாகச் சொல்லாமல் அந்த இரண்டு கூற்றுகளின் எண்ணைப் போட்டு, பக்கத்திலேயே நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்றும் எழுதினேன்.

அளவுகோலை உருவாக்கிய பேராசிரியர் பதில் போட்டார். பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். கூற்றுகளை நீக்க மட்டும் சம்மதிக்கவில்லை. இரண்டை எடுத்தால் மொத்தம் 96 என்பது 88 ஆகிவிடும், அவருடைய மூலக் கட்டுரையில் உள்ள வெட்டுப்புள்ளியை வைத்து யாருக்குச் சுமை அதிகம் என்று சொல்லவே முடியாது. அதனால் காருக்குப் பதில் பஸ் அல்லது ஆட்டோ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். பராமரிப்பு மையம் பற்றிய கூற்றை அப்படியே வைத்து, முன்னோட்ட ஆய்வில் எத்தனை பேர் பதில் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்த பிரதியையும் கேட்டார்.

முத்துக்குமரன்
இவ்வளவு தேவையா மேடம்? ஜர்னலில் வெளியாகிவிட்டாலே யாரும் பயன்படுத்தலாம், மேற்கோள் காட்டினால் போதும். நான் ஷெல்டன் கோஹனின் மன அழுத்த அளவுகோலை எடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை, வைவாவிலும் ஒருவரும் கேட்கவில்லை.

விமலா ராஜ்
தம்பி, உங்கள் விஷயத்தில் அது சரி. கல்வி ஆய்வுக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று கோஹன் தரப்பே அறிவித்திருக்கிறது. அதை எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. ஞாபகம், கவனம் போன்றவற்றைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ 1975-இல் வந்தது, பல வருடம் எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தினார்கள், பிறகு உரிமம் ஒரு நிறுவனத்திடம் போய்விட்டது, இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மேற்கோள் காட்டுவது நேர்மைக்கு, காப்புரிமை தனி விஷயம்.

கலை, உங்கள் பேராசிரியர் சம்மதித்தாலும், கட்டுரை வெளியான ஜர்னலுக்கு அவர் காப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அச்சிடும் அனுமதியைப் பதிப்பகம்தான் தர முடியும். கட்டுரைப் பக்கத்திலேயே Permissions என்ற இணைப்பு இருக்கும், அதில் ஆய்வேட்டுக்கு என்று தேர்வு செய்து கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். பின்னிணைப்பை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆய்வேடு நாளைக்கு சோத்கங்காவில் ஏறும், அளவுகோல் முழுவதும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கும். மாஸ்லாக் பர்ன்அவுட் அளவுகோலை விற்பவர்கள் ஆய்வேட்டில் சில மாதிரிக் கூற்றுகளை மட்டுமே போட விடுகிறார்கள்.

கலைச்செல்வி
அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். பின்னிணைப்பு பற்றி அவர் பதிலில் ஒரு வரிகூட இல்லை. நான்கு கேட்டதில் மூன்றுக்குத்தான் பதில்.

விமலா ராஜ்
பதில் வராத அனுமதியை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்டு, அதே மின்னஞ்சல் தொடரிலேயே இரண்டு வரி எழுதுங்கள். மொத்தத் தொடரையும் பிடிஎஃப் ஆக்கி கமிட்டிக்குக் கொடுங்கள், தேதியும் முகவரியும் தெரிய வேண்டும்.

ஜெனிஃபர்
எனக்கும் இதே பிரச்சினை! ஏழு நிபுணர்களுக்குக் கடிதம் அனுப்பினேன், மூன்று பேர்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அது போதுமா?

விமலா ராஜ்
ஜெனிஃபர், நீங்கள் சொல்வது உள்ளடக்கம் சரியா என்று நிபுணர்களிடம் கருத்துக் கேட்கும் கடிதம். இங்கே பேசுவது அளவுகோலை உருவாக்கியவரிடம் கேட்பது. உங்கள் கருவி நீங்களே தயாரித்ததா, வேறு யாருடையதாவதா?

ஜெனிஃபர்
பாதி என்னுடையது, பாதி ஒரு பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்தது.

விமலா ராஜ்
அப்போது அந்த ஆய்வேட்டை எழுதியவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்மா. அவர் வேறு யாரிடமாவது எடுத்திருந்தால் அங்கேயும்.

நிஷாந்தன், யாழ்ப்பாணம்
எனக்குப் பதிலே வரேல்லை. கட்டுரையில் இருந்த மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிட்டுது, அவர் ஓய்வு பெற்றிட்டார். இணை ஆசிரியர் ஒருவருக்கு எழுதினன், தனக்கு அந்த அதிகாரம் இல்லை எண்டு சொல்லிப்போட்டார். அனுப்பின மின்னஞ்சல்களைக் காட்டினால் போதும் எண்டு எங்கட குழு சொல்லுது, ஜர்னல் காரர் ஏற்பினமோ தெரியேல்லை.

முத்துக்குமரன்
முயற்சி செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதே, போதும் அண்ணா.

விமலா ராஜ்
எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வேலை பார்த்த துறைக்கும் பதிப்பகத்துக்கும் எழுதுங்கள் நிஷாந்தன். அங்கேயும் கிடைக்காவிட்டால் கூற்றுகளை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, அதே விஷயத்தை அளக்கும் வேறு இலவச அளவுகோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.